தெரியாத வீடியோ கால், பின்னாலேயே மிரட்டல்: கேள்வி பதில்

"நேத்து ராத்திரி தெரியாத நம்பர்ல வாட்ஸ்அப் வீடியோ கால். எடுத்தா ஒரு பொண்ணு உடை இல்லாம. உடனே கட் பண்ணிட்டேன். பத்து நிமிஷத்துல என் முகம் தெரியுற வீடியோவும், என் ஃபேஸ்புக் நண்பர்கள் பட்டியலும் வந்துச்சு. 15,000 கேட்கிறான். என்ன செய்ய?"

பணம் அனுப்பாதீர்கள். கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். பதில் வருகிற வரைக்கும் இந்த ஆள் பயப்படுகிறார் என்றுதான் அவன் கணக்குப் போடுவான்.

அந்தப் பக்கம் பெரும்பாலும் நேரில் யாரும் இருப்பதில்லை. ஏற்கெனவே பதிவு செய்த காட்சியை ஓட்டிவிட்டு, திரையின் மூலையில் தெரியும் உங்கள் முகத்தோடு சேர்த்து ஸ்க்ரீன் ரெக்கார்ட் செய்துகொள்கிறார்கள். சில விநாடிகளே போதும்.

இப்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், வரிசை முக்கியம். முதலில் சாட்சியம். எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி மிரட்டல் செய்திகளை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கால் பட்டியலில் அந்த அழைப்பு இருக்கும் பக்கத்தையும் எடுங்கள். பணம் அனுப்பச் சொன்ன யூபிஐ ஐடி, க்யூஆர் கோடு எதையும் விடாதீர்கள். ஃபேஸ்புக் வழியாகப் பழகியிருந்தால் அந்தக் கணக்கின் லிங்க்கை காப்பி செய்து வையுங்கள். பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள், பெயர் மட்டும் குறித்துவைத்தால் பிறகு தேட முடியாது. அவன் அனுப்பிய வீடியோவையும் அழிக்காதீர்கள்.

அதன் பிறகுதான் ரிப்போர்ட், பிளாக். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சாட்டை அழிக்கவும் அதே இடத்தில் ஒரு தேர்வு வரும். பதற்றத்தில் அதையும் சேர்த்து அழுத்தினால் கையிலிருந்த சாட்சியம் மொத்தமும் போய்விடும். அடுத்து ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலை Only me என்று மாற்றுங்கள். முடித்துவிட்டு cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

"இவ்வளவு எதுக்கு அண்ணா? சிம்மை உடைச்சுப் போட்டு, போனை ரீசெட் பண்ணா ஆள் காணாமப் போயிடுவான். என் ஃப்ரெண்ட் அப்படித்தான் தப்பிச்சான்."

தொடர்பை அறுக்க வேண்டும் என்கிற வரை நீங்கள் சொல்வது சரி, தம்பி. காசு வராது என்று தெரிந்தால் அடுத்த எண்ணுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ரீசெட் செய்தால் புகாருக்கு ஒன்றும் மிஞ்சாது. சிம்மை உடைத்தால் வங்கி ஓடிபி வருகிற எண்ணும் போய்விடும். அவனிடம் இருக்கும் வீடியோவுக்கும் உங்கள் போனுக்கும் சம்பந்தம் இல்லை, அதனால் ரீசெட்டால் அது அழியாது.

"நானும் ஒரு தெரியாத கால் எடுத்துட்டேன், ஒண்ணும் தெரியல, கட் ஆயிடுச்சு. பேங்க் பணம் போயிடுமா? ஜிபே பாஸ்வேர்ட் மாத்தணுமா?"

இங்கே பேசுவது வேறு விஷயம், அம்மா. வீடியோ காலை எடுத்ததால் மட்டும் வங்கிப் பணம் போகாது. லிங்க் அழுத்தியிருந்தாலோ, ஏதாவது ஆப் நிறுவியிருந்தாலோ, திரையைப் பகிர்ந்திருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். வாட்ஸ்அப்பில் Silence unknown callers என்பதை ஆன் செய்துவிடுங்கள். தெரியாத எண் அழைத்தால் மணி அடிக்காது, பட்டியலில் மட்டும் தெரியும்.

"நான் ஏற்கெனவே அனுப்பிட்டேன். முதல்ல 5,000, அப்புறம் 'டெலீட் பண்ண' 8,500. இப்ப டெல்லியில இருந்து போலீஸ்னு ஒருத்தர் பேசுறார், அந்தப் பொண்ணு தற்கொலை பண்ணிக்கிச்சாம், கேஸ் ஆகாம இருக்க 40,000 வேணுமாம்."

அந்த "போலீஸ்" அதே கும்பல். சீருடைப் படம், அடையாள அட்டை, முத்திரை வைத்த கடிதம் எல்லாம் அனுப்புவார்கள். யூடியூபிலிருந்து பேசுகிறோம், வீடியோவை நீக்கக் கட்டணம் கட்டுங்கள் என்று இன்னொருவரும் வரலாம். எந்தக் காவல் அதிகாரியும் வழக்கை முடிக்க யூபிஐயில் பணம் கேட்க மாட்டார். முதல் 5,000 போனதுமே நீங்கள் கொடுக்கக்கூடிய ஆள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் தொகை ஏறுகிறது.

சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு இப்போதே அழையுங்கள். அழைக்கும் முன் இரண்டு பரிவர்த்தனைகளையும் திறந்து, தேதி, நேரம், தொகை, அந்தப் பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க யூடிஆர் எண், எந்த யூபிஐ ஐடிக்குப் போனது, உங்கள் வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மொத்தம் 13,500 என்று மட்டும் சொன்னால் பணம் போன தடத்தைப் பிடிக்க முடியாது.

இடையில், வங்கியில் வேலை செய்யும் ஒருவர்: "சார் சொன்னதோட ஒண்ணு. காசு முதல் கணக்குல தங்காது, அடுத்தடுத்த கணக்குக்கு மாத்தி ஏடிஎம்ல எடுத்துடுவாங்க. எடுக்குறதுக்குள்ள புகார் வந்தாதான் நிறுத்தி வைக்க முடியும். நிறுத்தினாலும் உடனே உங்க கணக்குக்குத் திரும்பாது, சில நேரம் நீதிமன்ற உத்தரவும் கேட்பாங்க."

அவர் சொல்வது சரி. எவ்வளவு திரும்பும் என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் 40,000 உங்களிடமே இருக்கும்.

"ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா 'நீ ஏன் எடுத்தே'ன்னு கேட்பாங்களே? ஆன்லைன் புகார் போதாதா?"

ஆன்லைன் புகார் பெரும்பாலும் தானாக எஃப்ஐஆர் ஆகிவிடாது. மிரட்டல் தொடர்ந்தாலோ, பணம் போயிருந்தாலோ, புகார் எண்ணோடு உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். எல்லை வேறு என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ன்படி சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் பதிய வேண்டும். மனுவில் அழைப்பு வந்த நேரம், எண், மிரட்டிய சொற்கள், கேட்ட தொகை என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 308-ல் வரும் குற்றம். அழைப்பை எடுத்தது குற்றமில்லை.

"ஐயா, என் தங்கச்சி மகன், பதினாறு வயசு. அவனும் உடையைக் கழட்டிட்டான். ரெண்டு நாளா சாப்பிடல, பேசல."

முதலில் அவனைத் தனியாக விடாதீர்கள். போனைப் பிடுங்கித் திட்ட வேண்டாம், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சாகப்போவதாகப் பேசினாலோ, அப்படித் தோன்றினாலோ, மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்கு உடனே அழையுங்கள், தமிழில் பேசலாம். அவன் சிறுவன் என்பதால் இது போக்சோ சட்டத்துக்குள் வரும், அவன் பாதிக்கப்பட்டவன். குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் உதவி கிடைக்கும். அந்த வீடியோவை சாட்சியம் என்று சொல்லி உறவினர் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், அதுவே சட்டச் சிக்கல். அவன் போனிலேயே இருக்கட்டும், காவல்துறையிடம் காட்டுங்கள். takeitdown.ncmec.org தளம் அந்தப் படத்திலிருந்து அவன் கருவியிலேயே ஓர் அடையாளக் குறியீட்டை எடுத்து, சேர்ந்திருக்கும் தளங்களுக்குத் தரும், படம் வெளியே போகாது. 18 வயது தாண்டியவர்களுக்கு stopncii.org. இரண்டுமே வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதைத் தடுக்காது, வெட்டி மாற்றிய பிரதிகளும் தப்பலாம்.

"உண்மையிலேயே சொந்தக்காரங்களுக்கு அனுப்பிட்டா? முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிடலாமா?"

இதில் எல்லாருக்கும் ஒரே விடை கிடையாது. எல்லாருக்கும் சொன்னால் தெரியாதவர்களுக்கும் நாமே தெரிவித்த மாதிரி ஆகும். சொல்லாமல் விட்டால் முதல் சொல் அவனுடையதாகிவிடும். அவன் காட்டிய பட்டியலில் இருக்கும் நெருக்கமான நாலைந்து பேருக்கு மட்டும் இப்படி அனுப்பலாம்: "என் முகத்தை வைத்து வீடியோ தயாரித்துப் பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். புகார் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்ப வேண்டாம், எண்ணை எனக்குச் சொல்லுங்கள்."

"மனைவிகிட்ட?"

என் கருத்து, சொல்லிவிடுங்கள், இன்றே. ஆனால் உங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும்.