கைடு கல்லூரி மாறிவிட்டார், பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது?

"பி.இ. முடித்து ஆறு மாதம் ஆகிறது. வேலைக்குப் போனதில்லை. அமெரிக்காவில் எம்.எஸ். விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எச்.ஓ.டி.க்கு என் பெயர்கூடத் தெரியாது. ப்ராஜெக்ட் கைடு வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். யாரிடம் கேட்பது?"

கைடிடமே கேளுங்கள். அவர் கல்லூரி மாறியது தடையே இல்லை. இதில் பலரும் குழம்புவதால் விரிவாகச் சொல்கிறேன். எந்தக் கல்லூரியில், எந்த ஆண்டுகளில் உங்களுக்குக் கைடாக இருந்தார் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியில் அவர் எழுதிவிட்டால் போதும். விண்ணப்பத்தில் அவருடைய இப்போதைய பதவியையும் இப்போதைய கல்லூரி மின்னஞ்சலையும் கொடுங்கள். லெட்டர்ஹெட்டும் இப்போதைய கல்லூரியுடையதாகவே இருக்கட்டும். பழைய கல்லூரி லெட்டர்ஹெட்டை ஆபீஸில் தெரிந்தவர் மூலம் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பாதீர்கள். அவர் எங்கும் வேலையில் இல்லையென்றால் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து, காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள்.

எச்.ஓ.டி. கையெழுத்துதான் பெரிது என்று நம் கல்லூரிகளில் வருடா வருடம் பிள்ளைகளை அலையவிடுகிறார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. உங்களைத் தெரியாதவர் 'நல்ல மாணவர், கடின உழைப்பாளி' என்றுதான் எழுத முடியும். கைடு வேறு மாதிரி எழுதுவார். உதாரணமாக, தென்னந்தோப்பு மோட்டாருக்கு ஈரப்பத சென்சார் வைத்த ப்ராஜெக்ட் என்று வையுங்கள். முதல் ரிவ்யூவில் அளவுகள் தாறுமாறாக வந்தன. மாணவர் மூன்று வாரம் மண்ணை மாற்றி மாற்றிச் சோதித்து, சென்சார் முனை துருப்பிடித்ததைக் கண்டுபிடித்தார். வேலை அனுபவம் இல்லாதவருக்கு இந்த ஒரு பத்திதான் அனுபவம்.

கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே, "சார், என் ப்ராஜெக்டைப் பற்றி விவரமாக எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். சம்மதித்தால் மதிப்பெண் பட்டியல், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பல்கலைக்கழகங்களின் பெயர், கடைசித் தேதிகள், அப்புறம் அவர் மறந்திருக்கக்கூடிய நாலைந்து சம்பவங்கள், இவற்றை ஒரே மெயிலில் அனுப்புங்கள். "நீயே எழுதிக் கொண்டு வாப்பா" என்றாலும் இந்தக் குறிப்புகளையே கொடுத்து, அவர் நடையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கன்சல்டன்சிக்காரரிடம் மட்டும் இதை ஒப்படைக்காதீர்கள். பேராசிரியர் பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி, பழைய கடிதத்தில் பெயரை மாற்றி, தானே அப்லோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அதே கடிதம் வேறு மாணவர் பெயரிலும் போயிருக்கும். பல்கலைக்கழகம் கண்டுபிடித்தால் கிடைத்த அட்மிஷனே ரத்தாகலாம். விண்ணப்பத்தில் கைடின் மின்னஞ்சல் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். கடிதத்தை ஏற்றும் லிங்க் அதற்குத்தான் நேராகப் போகும். இரண்டு நாள் கழித்து, "சார், ஸ்பாமில் பார்த்தீர்களா?" என்று ஒரு போன் போடுங்கள்.