சந்திப்புக்குப் பணம் திரட்டும் குரூப்பில் நூற்றுக்கணக்கான மெசேஜ் இருக்கிறது. யார் போட்டார்கள், யார் போடுகிறேன் என்றார்கள், இன்னும் எவ்வளவு வர வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நீதான் பொறுப்பான ஆள்" என்று சொல்லி உங்கள் தலையிலும் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால், பெயருக்குப் பக்கத்தில் டிக் போட்டுக் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்குமே ஒரு பட்டியல், அதை நம்பாதீர்கள். நான் நம்பினேன், அசிங்கப்பட்டேன்.

எங்கள் வகுப்பில் 30 பேர், தலைக்கு 1000. ஒவ்வொருவரும் பட்டியலைக் காப்பி செய்து, தன் பெயருக்கு டிக் போட்டு மறுபடி ஒட்டுவார்கள். கடைசிப் பட்டியலில் 22 டிக் இருந்தது. என் கணக்கிலும் சரியாக 22,000 இருந்தது. மொத்தம் பொருந்திவிட்டதே என்று நிம்மதியாக, மீதி 8 பேரின் பெயரைக் குரூப்பில் போட்டு "சீக்கிரம் அனுப்புங்கப்பா" என்று எழுதினேன். அந்த 8 பேரில் ஒரு தோழி மூன்று வாரம் முன்பே பணம் அனுப்பியவள். ஒரு வார்த்தை பேசாமல் குரூப்பை விட்டு வெளியேறினாள்.

அன்று இரவு உட்கார்ந்து மேலிருந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவள் டிக் போட்டு ஒட்டிய அதே நிமிடத்தில் இன்னொருவனும் ஒட்டியிருக்கிறான். அவன் காப்பி செய்தது அவளுக்கு முந்தைய பட்டியல். அவனுடையது கீழே நின்றதால், அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அவள் டிக் அங்கேயே போய்விட்டது. அப்படியானால் என் கணக்கில் 1000 கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. டிக் போட்ட இன்னொரு நண்பனின் பணம் வரவே இல்லை. அவன் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் "நிலுவையில்" என்று இருந்தது. மறுநாள் பணம் அவனுக்கே திரும்பியிருக்கிறது, அவன் கவனிக்கவில்லை. ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிவிட்டது.

அதனால் வங்கிக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள், சாட்டிலிருந்து அல்ல. வந்த ஒவ்வொரு தொகைக்கும் யாருடையது என்று பெயர் எழுதுங்கள். எனக்கு வந்தது 20 வரவு: 18 ஆயிரங்கள், 2 இரண்டாயிரங்கள். அந்த இரண்டாயிரங்கள் "எனக்கும் அவனுக்கும் சேர்த்து" வகை. அது யாருக்காக என்பது சாட்டில் மட்டும்தான் இருக்கும். கணவர் கணக்கிலிருந்தும் மகள் கணக்கிலிருந்தும் வந்தவற்றுக்கு, தேதியையும் நேரத்தையும் வைத்து அந்த நேரத்தில் குரூப்பில் யார் "போட்டாச்சு" என்றார்கள் என்று பார்த்தேன். "அனுப்பிட்டேன்" என்று தேடினால் போதாதா என்பீர்கள். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், சிலர் குரல் பதிவில் சொல்கிறார்கள். தேடலில் அதெல்லாம் சிக்காது.

வரவு இல்லாத பெயர்களுக்கு மட்டும் சாட்டை முதலிலிருந்து படித்து, அவர்கள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வர வேண்டியது 8,000. அதில் பணம் திரும்பிப் போன நண்பனையும் "சம்பளம் வந்ததும் போடுறேன்" வகை 4 பேரையும் சேர்த்தால் 5,000, இவர்கள் தருவதாகச் சொன்னவர்கள். மீதி 3,000 பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. இரண்டு பேர் கட்டைவிரல் மட்டும் காட்டியிருந்தார்கள். அதை நான் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்லை, "படித்தேன்" என்று மட்டும்தான் அர்த்தம். இந்த 5,000-க்கு நினைவூட்டினால் போதும். அந்த 3,000-க்கு வருகிறாயா இல்லையா என்றே கேட்க வேண்டும். இரண்டையும் தனியாகப் பேசுங்கள், குரூப்பில் அல்ல.

"ஒரு எக்ஸெல் போட்டிருந்தால் முடிந்திருக்குமே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். போட்டேன் ஐயா. இணைப்பையும் கொடுத்தேன். திறந்தவர் ஒருவர், அதுவும் நான்தான்.

அடுத்த முறை ஒரு தந்திரம் செய்தேன்: 1000-உடன் அவரவர் வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். 17-ஆம் எண் என்றால் 1017. யார் கணக்கிலிருந்து வந்தாலும் தொகையே ஆளைச் சொல்லிவிடும். இரண்டு பேருக்குச் சேர்த்து அனுப்பினால் மட்டும் குழம்பும். 2030 வந்தால் 13-உம் 17-உமா, 10-உம் 20-உமா? தனித்தனியாக அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு செய்தேனே, சந்திப்பில் எடுத்த படங்களில் ஒன்றில்கூட நான் இல்லை. வாசலில் உட்கார்ந்து பாக்கி வாங்கிக்கொண்டிருந்தேன். பணமே போடாமல் நினைவுப்பரிசின் நிறம் சரியில்லை என்றவன் எல்லாப் படத்திலும் நடுவில் நிற்கிறான்.

தோழியிடம் மறுநாளே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சந்திப்புக்கு வந்தாள். குரூப்பில் மட்டும் இன்னும் சேரவில்லை.