அடியில் இருக்கும் மூன்று பட்டன்தான் காட்டிக்கொடுத்தது

*“அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் பஸ் டிக்கெட் ஆப்பில் சீட் தேர்ந்தெடுத்தபின் ‘தொடர்க’ பட்டன் வரவே இல்லை. என் போனில் வருகிறது. அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை ஆப்பின் உதவிப் பிரிவுக்கு அனுப்பினேன். ‘Display size-ஐக் குறையுங்கள்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. குறைத்ததும் சரியாகிவிட்டது. ஒரு படத்தை வைத்து இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதில் வேறு என்னவெல்லாம் தெரியும்?”*

படத்தையும் இணைத்திருந்தீர்கள், நல்லதாயிற்று. அதைத் திறந்ததும் எழுத்து பெரிதாக இருப்பது கண்ணில் படுகிறது. ஆனால் எழுத்து பெரிதாக இரண்டு வழி உண்டு. `Font size`-ஐக் கூட்டினால் எழுத்து மட்டும் வளரும். ஐகான்களும் பட்டைகளும் பெரும்பாலும் பழைய அளவிலேயே நிற்கும். `Display size`-ஐக் கூட்டினால் எல்லாமே சேர்ந்து வளரும். சாம்சங் போன்களில் இதற்கு `Screen zoom` என்று பெயர். உங்கள் அம்மாவின் படத்தில் பின்செல்லும் அம்புக்குறியும் பருத்திருக்கிறது, அடியில் உள்ள மூன்று பட்டன் பட்டையும் தடித்திருக்கிறது. பழகிய கண்ணுக்கு இதுவே போதும்.

சந்தேகம் இருந்தால் அளந்து பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு ஆப்களைப் பிக்சலில் வடிவமைப்பதில்லை. ‘டிபி’ என்ற அளவில் வடிவமைக்கிறார்கள். ஒரு டிபிக்கு எத்தனை பிக்சல் என்பதைப் போன் முடிவு செய்யும். `Display size` மாற்றுவது அந்தக் கணக்கைத்தான். மூன்று பட்டன் பட்டையின் உயரம் வழக்கமாக 48 டிபி. (சில கம்பெனிகள் இதை மாற்றுவதுண்டு, ஆகவே இது ஓரளவுக் கணக்குதான்.) அம்மாவின் படம் 720 பிக்சல் அகலம், 1600 பிக்சல் உயரம். பட்டையின் உயரத்தை அளந்தேன்: 108 பிக்சல். அப்படியானால் திரையின் மொத்த அகலம், டிபியில்:

```
720 × 48 ÷ 108 = 320
```

நீங்கள் சரிசெய்தபின் எடுத்த படத்தில் அதே பட்டை 84 பிக்சல்தான். அதே கணக்கைப் போட்டால் 411 டிபி வருகிறது. இன்றைய போன்களுக்கு 360 முதல் 411 வரை இயல்பு. 320 வந்தால் யாரோ பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

அகலம் குறைந்தால் உயரமும் குறையும். அதே திரை முன்பு ஏறக்குறைய 711 டிபி உயரம், இப்போது 914. போனின் கண்ணாடி அதேதான், ஆனால் ஆப்புக்குக் கிடைத்த இடம் 200 டிபி குறைவு. சீட் வரைபடம் இருந்த பக்கத்தை மேலே தள்ளிப் பார்க்கும்படி அவர்கள் அமைக்காததால் ‘தொடர்க’ பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. உண்மையில் இது ஆப்பின் குறைதான். கண் மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக வைப்பார்கள் என்று தெரியாமலா இருக்கும்? டிக்கெட் எடுத்தபின் அம்மாவுக்குப் பழைய அளவையே வைத்துக்கொடுங்கள், ஆப்காரர்களிடம் புகாரும் சொல்லுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. 720 × 1600 என்ற அளவை மட்டும் பார்த்து ‘விலை குறைந்த போன்’ என்று முடிவு கட்டக் கூடாது. அப்படித் திரை உள்ள போன்களும் இருக்கின்றன. ஆனால் 1080 × 2400 படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலும் அது சுருங்கி இதே அளவில் வந்து சேரலாம். மேலே போட்ட கணக்கு விகிதத்தில் ஓடுவதால் அதற்குப் பாதிப்பில்லை. கோப்பின் பெயர்தான் அடிபட்டுப்போகும். சாம்சங் எடுக்கும் படத்தின் பெயரில் ஆப்பின் பெயரும், ஷியோமி எடுப்பதில் `com.` என்று தொடங்கும் ஆப்பின் உள்பெயரும் பல மாடல்களில் இருக்கும். வாட்ஸ்அப் அதையெல்லாம் `IMG-…-WA0003` என்று மாற்றிவிடும். அதனால் அடுத்த முறை `Document` வழியாக அனுப்பச் சொல்லுங்கள். ஓரங்களை வெட்டவும் வேண்டாம், அளக்க வேண்டிய பட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. மறைக்க வேண்டியது எதுவும் இருந்தால் கெட்டியான நிறப் பெட்டியால் மூடுங்கள். ஹைலைட்டர் பேனாவால் பூசினால் அடியில் இருக்கும் எண்ணைப் பின்னால் மீட்டுவிட முடியும்.

படத்தில் வராதவையும் சில உண்டு. திரையின் வெளிச்சம், இரவில் மஞ்சளாகத் தெரியும் `Night Light`, இவை வழக்கமாகப் பதிவாகாது. படம் உருவான பிறகு, திரைக்குப் போகும் கட்டத்தில்தான் அவை சேர்கின்றன. டார்க் மோடு அப்படியில்லை, ஆப்பே கறுப்பாக வரைவதால் படத்தில் விழும். இந்த வித்தியாசம் வேறொரு வேலைக்கும் உதவும். போனில் பச்சைக் கோடு ஒன்று நெடுக ஓடுகிறதா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனில் பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் மென்பொருள் கோளாறு. இல்லையென்றால் டிஸ்பிளே பேனலில் கோளாறு. அப்போது ஸ்கிரீன்ஷாட் அனுப்பிப் பயனில்லை, இன்னொரு போனால் அந்தத் திரையைப் போட்டோ எடுத்துத்தான் கடைக்காரருக்கு அனுப்ப வேண்டும்.