முத்திரையும் தெரிய வேண்டும், 200 கேபியும் தாண்டக் கூடாது

"மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களைப் பிடிஎஃப் ஆக ஏற்றச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். போனில் படம் எடுத்தால் 4 எம்பி வருகிறது. சுருக்கினால் எழுத்து மங்கிவிடுகிறது. அலுவலகத்தில் கொடுக்க மருந்துக் கடை பில்களையும் இப்படி எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறது. காசு கேட்காத நல்ல செயலி எது?"
- ஒரு வாசகர், திண்டுக்கல்

புதிதாக எதையும் தேடுவதற்கு முன், உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் கூகுள் டிரைவைத் திறந்து பாருங்கள். கீழே வலது மூலையில் கேமரா படம் போட்ட பொத்தான் இருக்கும். அதுதான் ஸ்கேனர். விளம்பரம் கிடையாது, பக்கத்தின் ஓரத்தில் தன் பெயரை அச்சிடும் வேலையும் கிடையாது. பலரும் பழகிய கேம்ஸ்கேனரை இந்திய அரசு 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. அதன் பழைய நகலை யாரிடமாவது வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மைக்ரோசாஃப்ட் லென்ஸ் நல்ல செயலிதான், ஆனால் அதை நிறுத்தப் போவதாக அந்த நிறுவனமே 2025இல் அறிவித்துவிட்டது.

ஆனால், எழுத்து மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் செயலி இல்லை, வெளிச்சம். இரவில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் உங்கள் கையின் நிழலும் போனின் நிழலும் தாளின் மேல் விழும். வெளிச்சம் போதாதபோது கேமரா படத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகளைச் சேர்த்துவிடும். பார்ப்பதற்கு அது லேசான அழுக்கு போலத்தான் தெரியும். ஆனால் கோப்பைச் சுருக்கும்போது அந்தப் புள்ளிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் எழுத்துக்குக் கிடைக்கும் பங்கு குறைந்துபோகிறது. மங்கலும் பெரிய அளவும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

காலை பத்து மணி வாக்கில் ஜன்னலோரத்தில், நேர்வெயில் படாத இடத்தில் எடுங்கள். தாளுக்கு அடியில் கருநீலப் போர்வையோ கறுப்புத் துணியோ விரியுங்கள். வெள்ளை மேஜையில் வெள்ளைத் தாளை வைத்தால் செயலிக்கு ஓரம் எங்கே முடிகிறது என்று புரியாது. போனைச் சற்று உயரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் நிழலும் விழாது, தாளின் ஓரங்கள் சாய்ந்தும் தெரியாது. லேமினேஷன் செய்த சான்றிதழ் என்றால் பிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பளபளப்பு எழுத்தின் மேலிருந்து விலகும் ஒரு கோணம் கட்டாயம் கிடைக்கும்.

படம் எடுத்ததும் நான்கு மூலைகளையும் விரலால் இழுத்துத் தாளின் விளிம்போடு சரியாகப் பொருத்துங்கள். துணி தெரியும் ஒவ்வொரு விரற்கடையும் வீண் கேபி.

அடுத்தது நிறம். இங்கேதான் என் வீட்டிலேயே ஒருமுறை சறுக்கினோம். அளவு குறையட்டும் என்று அக்காள் மகனின் சான்றிதழைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து அனுப்பினேன். கோப்பு 60 கேபிதான் வந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. நான்கு நாள் கழித்து 'முத்திரை இல்லை' என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. ஊதா நிற வட்ட முத்திரை வெளிறியிருந்ததால் செயலி அதை வெள்ளை என்று முடிவு செய்து அழித்திருந்தது. கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு அல்லது வெள்ளை, நடுவே எதுவும் கிடையாது. ஆகவே முத்திரை, பச்சை மைக் கையெழுத்து, புகைப்படம் இவற்றில் எது இருந்தாலும் வண்ணத்திலேயே எடுங்கள். டிரைவ் ஸ்கேனரில் கறை நீக்க Clean என்று ஒரு வசதி உண்டு. சான்றிதழில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. கறை எது, மங்கிய முத்திரை எது என்று அதற்கு எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது.

இனி அளவு. சாதாரண போன் கேமரா எடுக்கும் படம் 4000க்கு 3000, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். ஏ4 தாளை அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்று எடுத்தால் 1240க்கு 1754 போதும், சுமார் 22 லட்சம். திரையில் படிக்கவும் அச்சிடவும் இதுவே தாராளம். நீங்கள் செய்திருக்கக்கூடிய தவறு, புள்ளிகளைக் குறைக்காமல் தரத்தை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கியது. அப்படிச் செய்தால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் சாம்பல் படியும். முதலில் புள்ளிகளைக் குறைத்துவிட்டு, தரத்தை நூற்றுக்கு 60 வாக்கில் வைத்தால், ஒரு மதிப்பெண் சான்றிதழ் பெரும்பாலும் 150 முதல் 250 கேபிக்குள் வந்துவிடும். பின்னணியில் பூவேலைப்பாடு அடர்ந்த சான்றிதழ்தான் சற்று முரண்டு பிடிக்கும். 200ஐத் தாண்டினால் தரத்தை 50 ஆக்கிப் பாருங்கள்.

டிரைவில் இந்த அளவுக்குக் கைவைக்க இடமில்லை. அதில் வரும் கோப்பு 200 கேபியைத் தாண்டினால் OSS Document Scanner என்ற இலவசத் திறமூலச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். கணக்கு தொடங்கச் சொல்லாது, வேலை முழுவதும் போனுக்குள்ளேயே நடக்கும். பிடிஎஃப் ஆக்கும் அமைப்புகளில் படத்தின் தரத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. 'பிடிஎஃப் சுருக்கித் தருகிறோம்' என்னும் இணையதளங்களில் மகளின் பிறந்த தேதியும் பதிவெண்ணும் உள்ள தாளை ஏற்றுவதை நான் விரும்புவதில்லை.

ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை. கோப்பைத் திறந்து இரண்டு மடங்கு பெரிதாக்கி, தாளிலேயே மிகச் சிறிய எழுத்தைத் தேடுங்கள். வழக்கமாக அது பதிவெண் அல்லது வரிசை எண்ணாக இருக்கும். அதில் 3, 6, 8 மூன்றும் தயக்கமில்லாமல் வேறு வேறாகத் தெரிந்தால் போதும். யோசித்துப் படிக்க வேண்டியிருந்தால் மறுபடி எடுங்கள்.

ஸ்கேன் செய்யவே கூடாத தாள் ஒன்றும் உண்டு. இ-சேவை வழியாக வாங்கிய சாதி, வருமானச் சான்றிதழ்கள் மின்கையொப்பமிட்ட பிடிஎஃப் ஆகவே கிடைக்கின்றன. அந்த மூலக் கோப்பையே ஏற்றுங்கள். அச்சிட்டதை மறுபடி படமெடுத்தாலும், மூலக் கோப்பைச் சுருக்கும் செயலியில் போட்டாலும் அந்தக் கையொப்பம் போய்விடும்.

மருந்துக் கடை பில்லுக்குச் சட்டம் வேறு. அது வெப்பத்தால் கறுக்கும் தாள், மை கிடையாது. வெயிலிலும், பிளாஸ்டிக் உறையிலும், சட்டைப் பையிலும் சில மாதங்களில் வெளுத்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே மங்கியிருந்தால் கறுப்பு வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறத்தில் எடுத்து காண்ட்ராஸ்ட் எனும் வேறுபாட்டை மட்டும் சற்றுக் கூட்டுங்கள். சுருண்டு கொள்ளும் பில்லைப் புத்தகத்துக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்தால் படிந்துவிடும். இஸ்திரிப் பெட்டியைக் காட்டி நேராக்க நினைக்காதீர்கள், முழுத் தாளும் கறுத்துப் போகும். மூன்று நான்கு சிறு பில்களைக் கருநிறத் துணிமேல் வரிசையாக அடுக்கி ஒரே பக்கமாக எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் கடையின் பெயர், தேதி, மொத்தத் தொகை மூன்றும் படிக்க வர வேண்டும். நீளமான பில்லை இரண்டு பக்கமாக எடுக்கும்போது, முதல் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகள் அடுத்த பக்கத்தின் மேலேயும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் எதுவும் விடுபடவில்லை என்று கணக்குப் பிரிவுக்குத் தெரிய அதுதான் வழி.