90 விநாடியில் ஓர் அறிமுகம்

அன்புள்ள அண்ணா,

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 5 வருடமாக வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்தே செய்கிற பேஷண்ட் சப்போர்ட் வேலைக்கு ஒரு வெளிநாட்டு கம்பெனியில் விண்ணப்பித்தேன். முதல் கட்டமாக லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். கேள்வி திரையில் வரும். யோசிக்க 30 விநாடி, பதில் சொல்ல 90 விநாடி, 2 தடவைதான் ரெக்கார்ட் செய்யலாம். முதல் கேள்வியே 'உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்'. வீட்டில் ஒத்திகை பார்த்தேன். எழுதிவைத்துப் படித்தால் என் கண் எங்கேயோ போகிறது என்கிறாள் தங்கை. பேப்பர் இல்லாமல் பேசினால் பாதியிலேயே நேரம் முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

கண்ணையும் நேரத்தையும் தனித்தனியாகச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பதில் நீளமாக இருப்பதால்தான் எழுதிவைக்கத் தோன்றுகிறது. எழுதிவைத்ததால்தான் கண் வரிகளின் பின்னால் ஓடுகிறது. முதலில் பதிலைக் குறையுங்கள். கண்ணுக்குப் பாதி வைத்தியம் அதிலேயே ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 130 சொற்கள் வரும். 90 விநாடி என்றால் 195. அதை முழுக்க நிரப்பக் கூடாது. நேரம் முடிந்ததும் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும், வாய் திறந்திருந்தாலும் சரி. ஆகவே 75 விநாடியில் முடிகிற மாதிரி, 160 சொற்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வாக்கியம்தான் ஆகும்.

உங்கள் ஒத்திகையில் நேரம் எங்கே போகிறது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. இப்படி வருகிற வீடியோக்களைப் பார்ப்பது என் அலுவலக வேலையில் ஒரு பகுதி. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் பெயர், சொந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், பள்ளி, கல்லூரி, சதவீதம், பொழுதுபோக்கு என்று வரிசையாகப் போவார்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை அது. வேலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது முக்கால்வாசி நேரம் போயிருக்கும். படிப்பு விவரமெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. குடும்ப விவரம், வயது, கல்யாணம் ஆனதா என்பதையெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல கேட்கவே தயங்கும். நீங்களாக ஏன் சொல்ல வேண்டும்?

உங்களிடம் சொல்வதற்கு அருமையான விஷயம் ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இன்சூரன்ஸ் டெஸ்க்! டிஸ்சார்ஜ் அன்று அந்தக் கவுன்ட்டர் முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட இடம் என்று. ஆங்கிலத்தில்தான் பேசப்போகிறீர்கள் என்றாலும் ஒரு மாதிரியைத் தமிழில் எழுதிக்காட்டுகிறேன்:

"வணக்கம், என் பெயர் இன்னது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 5 வருடமாக வேலை பார்க்கிறேன். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியின் அனுமதி வாங்கித் தருவது என் பொறுப்பு. அனுமதி தாமதமானால் மொத்தக் குடும்பமும் கோபத்தோடு என் முன்னால் நிற்கும். அப்போது முதலில் எந்தக் காகிதம் கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்து, டாக்டரிடம் வாங்கி அனுப்பிவிடுவேன். பிறகு அரை மணிக்கு ஒருமுறை நானே போய் நிலவரம் சொல்வேன், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும். கோபம் பெரும்பாலும் அதிலேயே தணிந்துவிடும். உங்கள் வேலையில் ஃபோனிலும் சாட்டிலும் இதையேதான் செய்ய வேண்டியிருக்கும் என்று புரிந்துகொண்டேன். மாலை ஷிஃப்ட் எனக்குச் சரிப்படும். வீட்டில் தனி அறையும் இன்வெர்ட்டரும் இரண்டாவது இன்டர்நெட் இணைப்பும் இருக்கின்றன. நன்றி."

நான் கற்பனையாகப் போட்ட விவரங்களை எடுத்துவிட்டு உங்கள் உண்மையைப் போடுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் இருப்பதாகச் சொல்லாதீர்கள். ஆனால் அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடவும் வேண்டாம். வீட்டிலிருந்து செய்கிற வேலைக்கு ஆள் எடுப்பவர் மனதில் முதலில் ஓடுவதே, கரண்ட் போனால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்பதுதான்.

முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் நெட்டுரு போடுங்கள். நடுவில் 'டிஸ்சார்ஜ், காகிதம், அரை மணி' என்று மூன்று சொற்கள் போதும். ஒரு சொல் மறந்து வேறு சொல் வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மனப்பாடத்தில் ஒரு சொல் தவறினால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி கண். லேப்டாப்பில் கேமரா திரையின் மேல் விளிம்பில் இருக்கிறது. நாம் பார்ப்பதோ திரையில் தெரிகிற நம் முகத்தை. எவ்வளவு தடுத்தாலும் கண் அங்கேதான் போகும், அது மனித சுபாவம். எவ்வளவு விலகினால் தப்பு என்பதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மில்டன் சென் என்பவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. பார்வை கேமராவிலிருந்து இடது, வலது, மேல் என்று கொஞ்சம் விலகினாலும் எதிரே இருப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார். கீழ்ப்பக்கம் மட்டும் சுமார் 5 டிகிரி வரை விலகினாலும் நம்மைத்தான் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார். நீங்கள் திரையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அந்த 5 டிகிரி கேமராவுக்குக் கீழே சுமார் 5 சென்டிமீட்டர்.

ஆக உங்களுக்குக் கிடைத்திருப்பது கேமராவுக்கு நேர் கீழே மூன்று விரல் அகல இடம். பிரவுசர் ஜன்னலைச் சுருக்கி மேலே நடுவில் கொண்டுபோய், உங்கள் முகம் தெரிகிற கட்டத்தை அந்த இடத்தில் நிறுத்துங்கள். தளம் அதை மூலையில் போட்டு நகர விடாவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுங்கள். மூன்று சொற்கள் எழுதிய சீட்டை கேமராவுக்குக் கீழேயே ஒட்டுங்கள், பக்கத்தில் அல்ல. லேப்டாப்புக்கு அடியில் நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி, கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேஜையில் அப்படியே வைத்தால் மேலிருந்து குனிந்து பேசுகிற மாதிரி தெரியும், பின்னால் சீலிங் ஃபேன் வேறு சுற்றும். ஃபோனைப் படுக்கவைத்து எடுத்தால் கேமரா பக்கவாட்டுக்குப் போய்விடும். அப்போது திரையைப் பார்த்தாலே பார்வை விலகித் தெரியும், லென்ஸைத்தான் பார்க்க வேண்டும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே ஜன்னலிலிருந்து வந்தால் போதும்.

90 விநாடியும் கேமராவையே முறைக்க வேண்டியதில்லை. யோசிக்கும்போது யாருக்கும் பார்வை விலகும், அது இயல்பாகத்தான் இருக்கும். தப்பாகத் தெரிவது இரண்டுதான்: கண் இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடுவதும், ஒரே மூலைக்குத் திரும்பத் திரும்பப் போவதும். இதைக் கண்டுபிடிக்க, ஒத்திகை வீடியோவைச் சத்தமில்லாமல் ஒருமுறை பாருங்கள். அப்புறம் ஃபோனைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஒருமுறை கேட்க மட்டும் செய்யுங்கள். வாசிப்பது போல் ஒலிக்கிற வாக்கியம் எது என்று அப்போது தெரியும். அதை இன்னும் சின்னதாக்குங்கள்.

கடைசியாக அந்த ஸ்டாப் பொத்தான். 'நன்றி' சொல்லும்போதே பலருடைய கண் மௌஸைத் தேடிக் கீழே போய்விடுகிறது. சொல்லி முடித்து ஒரு விநாடி கேமராவைப் பார்த்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள், அதற்குத்தான் 15 விநாடி மிச்சம் வைத்தோம். இன்னொன்று: சில தளங்களில் இரண்டாவது தடவை எடுத்தால் முதலில் எடுத்தது அழிந்துவிடும். அங்கே என்ன விதி என்று தொடங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.