இடம் வருகிறது, பெயர் வரவில்லை

கேள்வி: தெரிந்த வீட்டின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு படத்தை மனதில் வைத்து ஞாபகம் கொள்ளும் நினைவு மாளிகையில் சாமான் பட்டியலை வைத்தால் அப்படியே திரும்பி வருகிறது. ஆனால் 12 கபால நரம்புகளை வைத்தால், இடம் ஞாபகம் வருகிறது, பெயர் வர மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: பால், சோப்பு என்றால் சொல்லைக் கேட்டதுமே உருவம் வந்துவிடும். நான்காவது நரம்பான ‘ட்ராக்ளியர்’ என்றால் என்ன உருவம் வரும்? ஒன்றும் வராது. பெரும்பாலானவர்கள் இங்கே பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். ட்ராக்ளியா என்றால் கப்பி என்று தெரிந்துகொண்டு, நான்காவது இடமான சோபாவில் ஒரு கப்பியை வைக்கிறார்கள். தேர்வில் சோபாவுக்குப் போனால் கப்பி பத்திரமாக இருக்கும், வாயில் ‘கப்பி’ மட்டும்தான் வரும்.

ஆகவே பொருளுக்கு ஒரு கொக்கி, ஒலிக்கு ஒரு கொக்கி என இரண்டும் ஒரே காட்சியில் வேண்டும். கூரையில் தொங்கும் கப்பியில் ஒரு ட்ராக்டர் ஏறுகிறது, கயிறு அறுந்து சோபாவை நசுக்குகிறது. ட்ராக்டர், நரம்புப் பெயரின் முதல் அசையை எடுத்துத் தரும். கப்பி, அந்த நரம்பு இயக்கும் கண் தசை கப்பி போன்ற ஒரு வளையத்தின் வழியே போவதை நினைவூட்டும். ட்ராக்டர் சோபாவின் பக்கத்தில் சும்மா நின்றால் போதாது. இடத்தை ஏதாவது செய்தாக வேண்டும், அப்போதுதான் ஒட்டும்.

ஒலிக் கொக்கியில் ஒரு கண்ணி இருக்கிறது. பத்தாவது நரம்பு வேகஸ். உடனே ‘வேகம்’ என்று ஓடும் ஆளை வைக்கத் தோன்றும். வேண்டாம். அந்த நரம்பு இதயத் துடிப்பைக் குறைப்பது, தேர்வில் உங்கள் படமே தப்பான விடையைச் சொல்லிக் கொடுக்கும். வேகத்தடை வையுங்கள். லத்தீனில் வேகஸ் என்றால் அலைந்து திரிவது. நரம்பும் மண்டையிலிருந்து வயிறு வரை அலைகிறது. மூட்டை தூக்கிய நாடோடி ஒருவன் ஃபிரிட்ஜ் முன்னால் உள்ள வேகத்தடையில் தடுக்கி விழுகிறான், இதயம் மெல்ல மெல்லத் துடிக்கிறது. சரி, பெயரும் வேலையும் சேர்ந்தே கிடைத்தன.

நரம்பின் வரிசை எண்ணும் தேவை என்றால், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய லத்தீன் பேச்சுக்கலை நூல் ஒன்று சொல்லும் வழி இன்றும் உதவும்: ஐந்தாவது இடத்தில் ஒரு தங்கக் கையை வையுங்கள். ஏழாவது எது என்று கேட்டால், வாசலிலிருந்து எண்ணாமல் கையிலிருந்து இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும்.

ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, கடைசி இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு பெயரையும் முழுதாக வாய்விட்டுச் சொல்லுங்கள். படம் வந்து பெயர் பாதியில் நின்றால், மாற்ற வேண்டியது ஒலிக் கொக்கியை மட்டும்தான், இடத்தை அல்ல. அன்று இரவு, மறுநாள், ஒரு வாரம் கழித்து என மூன்று முறை நடந்து பாருங்கள்.

அப்புறம், அடுத்த பட்டியலை இதே வீட்டில் வைக்காதீர்கள். தேர்வு முடியும்வரை அந்த ட்ராக்டர் சோபாவை விட்டு நகராது. நீங்கள் படித்த பள்ளிக் கட்டடம் சும்மாதானே இருக்கிறது, எலும்புகளை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.