இரண்டு பெக்கிலேயே தள்ளாட்டம் ஏன்?

கேள்வி: மூன்று மாதமாகப் பேலியோ உணவில் இருக்கிறேன். தினமும் 16 மணி நேர விரதமும் உண்டு. முன்பெல்லாம் மூன்று பெக் குடித்தாலும் நிதானம் தவறாது. போன சனிக்கிழமை இரண்டிலேயே தள்ளாடிவிட்டேன். மறுநாள் காலை வியர்த்து, கை நடுங்கியது. விஸ்கியில் மாவுச்சத்து இல்லை, தாராளமாகக் குடிக்கலாம் என்கிறார்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில். தொடரலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: விஸ்கியில் மாவுச்சத்து இல்லைதான். மண்ணெண்ணெயிலும்தான் இல்லை. உங்கள் குழுவில் அப்படிச் சொன்னவர் பொடி டப்பாவோ மூன்று மாதப் பயிற்சிப் பொதியோ விற்பவரா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் விற்பவராகத்தான் இருப்பார். எடை குறைந்த படங்களைப் போடுகிற இவர்கள், மயங்கி விழுந்தவர்களின் படத்தைப் போடுவதில்லை.

தள்ளாட்டத்துக்குக் காரணம் எளியது. மது பெரும்பகுதி சிறுகுடலில்தான் ரத்தத்தில் ஏறுகிறது. வயிற்றில் சோறு இருந்தால் இரைப்பை அதைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். வெறும் வயிற்றில் அந்தத் தடை இல்லை. போதாததற்கு, உணவுமுறைக்காகப் பலர் சாதாரண கோலாவை விட்டு டயட் கோலாவைக் கலக்கிறார்கள். சர்க்கரை கலந்த பானம் இரைப்பையைச் சற்று மெதுவாகக் காலியாக்கும். டயட் பானத்தில் அந்தத் தாமதமும் இல்லை. எடை குறைந்த உடம்பில் அதே அளவு மது இன்னும் அடர்த்தியாக நிற்கும்.

எனக்குக் கவலை தருவது மறுநாள் காலை நடுக்கம். சாப்பிடாத நேரத்தில் ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது கல்லீரல். அதன் சேமிப்பு சுமார் 100 கிராம்தான். விரதத்திலும் குறைந்த மாவுச்சத்து உணவிலும் அது ஏற்கெனவே வற்றிக் கிடக்கும். அப்போது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்துச் சமாளிக்கிறது. மது வந்தால் அதை எரிக்கும் வேலையில் அந்தத் தயாரிப்பு முடங்கிவிடுகிறது. 60 மில்லி வீதம் இரண்டு பெக் என்றால் சுமார் 40 கிராம் மது. மணிக்கு ஏழெட்டு கிராம் என்று வைத்தாலும், இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது தீர நள்ளிரவைத் தாண்டிவிடும். அதன் பிறகும் மதியம் வரை விரதம் என்றால் கல்லீரல் எதைக் கொண்டு ஈடுகட்டும்? தாழ்சர்க்கரை குடித்த இரவில்தான் வரும் என்றில்லை, மறுநாளும் வரலாம்.

உங்களுக்கு வந்தது அதுதானா, வெறும் குடிமயக்கத்தின் மிச்சமா என்பதை அளந்து பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. வியர்வை, நடுக்கம், குழறல், தடுமாற்றம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மருத்துவமனையில் விடியற்காலையில் பார்த்தேன்: காலை முதல் சாப்பிடாமல் மாலையில் குடித்த கட்டடத் தொழிலாளி. வாயில் வாடை அடித்ததால் "தெளிந்ததும் எழுந்துகொள்வான்" என்று மூலையில் கிடத்தியிருந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 38. ஒரு சொட்டு ரத்தம், சில வினாடி. அதைச் செய்ய ஆளில்லை. சீட்டெழுத மட்டும் மூன்று பேர் இருந்தார்கள்!

உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் விஷயமே வேறு. மாத்திரை அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் 'கிளிமிபிரைடு' அல்லது 'கிளிபென்கிளமைடு' என்றிருக்கிறதா பாருங்கள். பெயரோடு எம்1, எம்2 என்று வரும் கலவை மாத்திரைகள் பலவற்றில் கிளிமிபிரைடுதான் ஒளிந்திருக்கிறது. நோயாளியோ "மெட்ஃபார்மின்தான் போடுகிறேன்" என்பார். மருந்துக்கடைக்காரர் கேட்ட பெயர் இல்லையென்று வேறொன்றை நீட்டுவார். பழைய சீட்டே வருடக்கணக்கில் ஓடும். இந்த மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இவற்றோடு விரதமும் மதுவும் சேரவே கூடாது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் அப்படியே.

மாத்திரை எதுவும் இல்லையென்றால், தொடரலாம் என்று நான் சொல்ல மாட்டேன்; விடவே மாட்டேன் என்றால் விரத நேரத்தில் தொடாதீர்கள். குடிப்பதற்கு முன்பே சாப்பிடுங்கள். முட்டையும் கோழியும் போதையைத் தாமதப்படுத்தும், சேமிப்பை நிரப்பாது. இரண்டு இட்லியோ ஒரு கரண்டி சோறோ வேண்டும். 30 மில்லிக்கு மேல் வேண்டாம். மறுநாள் விரதத்தை ரத்து செய்யுங்கள்.

நடுக்கம் வந்தால் சர்க்கரையை அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே என்றால், அல்லது கருவியே இல்லையென்றால், தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏறியதும் உடனே உணவு சாப்பிட வேண்டும். இல்லையேல் திரும்ப இறங்கும். கறுப்புக் காபியும் உப்பு போட்ட மோரும் இதற்கு உதவாது. எழுப்பினால் எழாதவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். வந்தவர்களிடம் "குடித்திருக்கிறார்" என்பதோடு நிறுத்தாமல், "நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, சர்க்கரையைப் பாருங்கள்" என்று வீட்டார் அழுத்திச் சொல்ல வேண்டும்.